தமிழ்ப் பெயர், ஆங்கில எழுத்து: வலைப்பூவுக்கு எல்லோரும் ஒரே மாதிரி அடிக்கிற முகவரி

மாடித்தோட்டம் பற்றி ஒரு வலைப்பூ தொடங்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மனதில் முதலில் வரும் பெயரும் 'மாடித்தோட்டம்'தான். தமிழில் எழுதும்வரை ஒரு குழப்பமும் இல்லை, எல்லோரும் ஒரே மாதிரிதான் எழுதுவோம். டொமைன் வாங்க உட்கார்ந்து அதையே ஆங்கில எழுத்தில் அடிக்கும்போதுதான் வம்பு தொடங்குகிறது. நீங்கள் maadithottam என்று அடிப்பீர்கள், பக்கத்து வீட்டு அக்கா madithottam என்பார், அவர் பையன் maadithotam என்று அனுப்புவான், இலக்கணம் பார்க்கிற ஒருவர் maadiththoattam என்று நீட்டுவார்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 'மா'வை maa, ma என்று 2 விதமாக எழுதலாம். 'த்த' என்பதற்கு th, thth, t என்று 3 வழி. 'தோ'வின் நெடிலுக்கு o அல்லது oa. 'ட்ட'வுக்கு tt அல்லது ஒற்றை t. பெருக்கினால் 24 வருகிறது. நீங்கள் வாங்கப் போவது அதில் ஒன்றை. மீதி 23-ல் எதை ஒருவர் அடித்தாலும் 'இந்தத் தளத்தை அடைய முடியவில்லை' என்று வரும், இல்லையென்றால் அந்த எழுத்துக்கூட்டலை ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கிற வேறொருவரின் வீட்டில் போய் நிற்பார்கள்.

அதனால், தமிழில் வலைப்பூ எழுதுகிறவர் பெயரைத் தேடும்போது பெயர் அழகாக இருக்கிறதா என்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: காதால் கேட்ட ஒருவர், போனில் ஆங்கில எழுத்தில் இதை எத்தனை விதமாக அடிப்பார்? இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான்.

முதலில் டொமைன் என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். manvalam.com என்று ஒரு முகவரி இருந்தால், புள்ளிக்கு முன்னால் இருப்பது நீங்கள் தேர்ந்தெடுக்கும் பெயர், பின்னால் இருக்கும் .com, .in, .lk போன்றவை அந்தப் பெயர் எந்தப் பட்டியலில் பதிவாகிறது என்பதைச் சொல்பவை. முன்பகுதியில் a முதல் z வரை எழுத்துகள், 0 முதல் 9 வரை எண்கள், ஒரு சிறு கோடு, இவ்வளவுதான் அனுமதி. இடைவெளி கிடையாது, அடிக்கோடு கிடையாது. அதிகபட்சம் 63 எழுத்து வரை போகலாம், ஆனால் அவ்வளவு நீளம் வைப்பவர் யாரும் போனில் தன் முகவரியைத் தானே அடித்துப் பார்த்திருக்க மாட்டார். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் இல்லை. Manvalam என்றாலும் manvalam என்றாலும் ஒன்றுதான். போன் கீபோர்டு முதல் எழுத்தைத் தானாகப் பெரிதாக்கினாலும் கவலையில்லை.

சரி, தமிழ்ப் பெயர்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு தடுமாற்றம்? நம் எழுத்தில் க ஒன்றுதான், ஆனால் வாயில் அது k ஆகவும் g ஆகவும் h ஆகவும் வருகிறது. த என்பதும் அப்படித்தான், th, dh, t, d என்று நான்கு விதமாக எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் குறில் நெடிலைப் பிரித்துக் காட்டத் தனி எழுத்து இல்லை. நாம் வாட்ஸ்அப்பில் தங்கிலீஷ் அடிப்பதற்குப் பொதுவான விதி எதுவும் இல்லாததால் ஒவ்வொருவருக்கும் கை பழகிய வழிதான் விதி. அரசே இதில் கைவைத்துப் பார்த்தது. 2020 ஜூனில் தமிழக அரசு 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டது. கோயம்புத்தூர் Koyampuththoor ஆனது. கிண்டலும் எதிர்ப்பும் கிளம்ப, சில நாட்களிலேயே ஆணையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். உச்சரிப்புக்கு நெருக்கமாக எழுதினால் மக்கள் அப்படியே அடிப்பார்கள் என்று நினைப்பது எவ்வளவு தவறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

வாசகர்கள் எல்லோரும் ஒரே ஊரிலும் இல்லை. தமிழ்நாட்டில் ழகரத்துக்கு zh போடுவது பழகிவிட்டது. இலங்கைத் தமிழர்கள் பெரும்பாலும் l போடுவார்கள், ஈழம் Eelam என்றுதான் உலகம் முழுக்க எழுதப்படுகிறது. ஆகவே பெயரில் ஒரு ழ இருந்தாலே சென்னை வாசகரும் யாழ்ப்பாண வாசகரும் வேறு வேறு முகவரிக்குப் போவார்கள்.

'பெரிய தளங்களுக்கும் இதே பிரச்சினை இருக்கிறதே' என்று கேட்கலாம். இருக்கிறது. விகடன் என்று காதால் மட்டும் கேட்டவர் vigadan என்று அடித்தால் தப்பில்லை, அப்படித்தான் உச்சரிக்கிறோம். ஆனால் vikatan என்ற எழுத்துக்கூட்டல் பல வருடப் பழக்கத்தில் பலருக்குக் கண்ணில் பதிந்துவிட்டது. அந்த வசதி நேற்றுத் தொடங்கிய வலைப்பூவுக்குக் கிடையாது. புதிதாக வருகிறவர் பெயரை முதல் தடவை கேட்டவுடனே சரியாக அடிக்க வேண்டும்.

இனி வழிக்கு வருவோம். எல்லா ஒலியும் ஒரே அளவு ஆபத்தானது இல்லை. ம, ல, ர, ய, ந, வ ஆகியவை ஏறத்தாழ எல்லோர் கையிலும் ஒரே மாதிரி விழும். வ மட்டும் சிலர் w போடுவார்கள். ண, ன வித்தியாசமும் ல, ள வித்தியாசமும் தமிழில் நமக்கு முக்கியம், ஆனால் ஆங்கில எழுத்தில் இரண்டுமே n, இரண்டுமே l. டொமைனுக்கு அது நல்லதாகப் போய்விடுகிறது. ஆபத்தானவை ழ, த, ட, ச, க, ற்ற, ஞ, எல்லா நெடில்களும், எல்லா இரட்டிப்புகளும். 'பச்சை' என்ற நல்ல சொல்லை pachai, pachchai, pacchai என்று மூன்று விதமாக எழுதுவார்கள். 'செடி' chedi ஆகவும் sedi ஆகவும் வரும். 'விதை'யோ இன்னும் மோசம், vithai, vidhai, vidai, போதாக்குறைக்கு பேச்சில் 'வெத' என்கிறோம்.

இந்தப் பேச்சு வழக்கு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. 'இலை' என்று வைத்தால் எழுத்தில் ilai, பாதுகாப்பான சொல்போலத் தெரியும். ஆனால் வாயில் அது 'எலை' என்றுதான் வருகிறது, கேட்டவர் elai என்று அடிப்பார். 'இடம்', 'உடம்பு' என்று இகரத்திலும் உகரத்திலும் தொடங்கும் பல சொற்களுக்கும் இதே கதி, 'எடம்', 'ஒடம்பு' ஆகிவிடும். ஆகவே பெயரை எழுதிப் பார்த்தால் மட்டும் போதாது, உங்கள் வீட்டில் பேசுகிற மாதிரி வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

நம் தோட்டத்துக்கே திரும்புவோம். 'மாடி', 'தோட்டம்' இரண்டும் விழுந்துவிட்டன. செடி, விதை, பச்சை, இலை போய்விட்டன. 'பசுமை' கொஞ்சம் தேவலாம், pasumai என்றுதான் பெரும்பாலோர் எழுதுவார்கள், ஆனால் எங்கும் அடிபட்ட சொல், தனியாகக் கிடைப்பது சிரமம், தேடினாலும் கூட்டத்தில் காணாமல் போகும். மீதி என்ன இருக்கிறது? மண், மலர், மரம், நிலம், வயல், வளம். எல்லாமே அந்தப் பாதுகாப்பான ஒலிகளால் ஆனவை. இரண்டை இரண்டாகச் சேர்த்துப் பாருங்கள். 'மண்வளம்' என்று ஒன்று கிடைக்கிறது. தோட்டக்காரர்கள் தினமும் புழங்கும் சொல், பொருளும் பொருந்துகிறது, ஆங்கிலத்தில் manvalam, 8 எழுத்து. நெடில் இல்லை, நடுவில் இரட்டிப்பு இல்லை, ண இருந்தாலும் n, ள இருந்தாலும் l. யாராவது mannvalam என்று கூடுதலாக ஒரு n போடலாம், எப்போதாவது ஒருவர் v-க்கு w போடலாம், அவ்வளவுதான். 24 வழி ஏறத்தாழ 2 ஆகக் குறைந்துவிட்டது.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. 'மனவளம்' என்ற வேறொரு சொல் மிக அருகில் நிற்கிறது. manavalam, நடுவில் ஒரு a மட்டும் கூடுதல். தியானம், யோகா பக்கம் அந்தச் சொல் நிறையப் புழங்குகிறது. இதைத் தெரிந்துகொள்ள வழி எளிது: பெயரைக் கூகுளில் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் தேடுங்கள். உங்கள் பெயரை அடித்தால் 'இதைத்தான் தேடுகிறீர்களா' என்று வேறு ஒன்றைக் காட்டுகிறதா, முதல் பக்கம் முழுக்க வேறு விஷயமாக இருக்கிறதா என்று பாருங்கள். இது ஏன் முக்கியம் என்றால், போனில் முழு முகவரியையும் பொறுமையாக அடிப்பவர்கள் குறைவு. பெரும்பாலோர் பெயரை மட்டும் அடித்துவிட்டு வருகிற முதல் இணைப்பைத் தொடுவார்கள். manvalam விஷயத்தில் நான் என்ன செய்வேன் என்றால், தலைப்பில் 'மண்வளம்' என்று தமிழிலும் கீழே 'மாடித்தோட்டக் குறிப்புகள்' என்றும் போட்டுவிடுவேன். பெயருக்கு ஒலி சுலபமாக இருக்கட்டும், எதைப் பற்றியது என்பதைத் துணைத்தலைப்பு சொல்லட்டும். எல்லாவற்றையும் டொமைனுக்குள்ளேயே திணித்து bestmaadithottamtipstamil என்று வைப்பவர்களைப் பார்த்தால் பாவமாகத்தான் இருக்கிறது.

அடுத்தது விரல். போன் கீபோர்டில் எழுத்துகள் ஒரு பக்கமும் எண்களும் குறிகளும் இன்னொரு பக்கமும் இருக்கின்றன. பெயருக்கு நடுவில் ஒரு சிறு கோடு வைத்தால் ?123 என்ற பொத்தானைத் தொட்டு அந்தப் பக்கம் போய், கோட்டைத் தேடிப் போட்டு, மறுபடி எழுத்துக்குத் திரும்ப வேண்டும். இது விரலுக்கு வேலை. வாய்க்கு வேறு வேலை. போனில் அந்தக் கோட்டை எப்படிச் சொல்வீர்கள்? ஒருவர் 'மைனஸ்' என்பார், ஒருவர் 'டேஷ்' என்பார், 'நடுவுல கோடு' என்று கேட்டவர் அடிக்கோட்டைப் போடுவார், அப்படி ஒரு டொமைனே இருக்க முடியாது என்பதால் எங்கும் போகாது. எண்ணும் அப்படியே. 'ஏழு' என்று சொன்னால் 7 ஆ, seven ஆ, ezhu ஆ? விளக்கிக்கொண்டிருக்க வேண்டிவரும். இரண்டையும் தவிர்த்துவிடுங்கள்.

சொற்கள் சேரும் இடத்தையும் பாருங்கள். 'நிலம்' என்பதோடு 'மலர்' சேர்த்தால் nilammalar. இரண்டு m சேர்ந்து வருகிறது, வேகமாக அடிக்கும்போது ஒன்று விழும். அதையே 'மலர்நிலம்' என்று புரட்டிப் போட்டால் malarnilam, இடைஞ்சல் போய்விட்டது. இரண்டு சொல்லையும் சேர்த்து எழுதினபின் ஆங்கிலத்திலோ தமிழிலோ நடுவில் வேண்டாத வேறொரு சொல் முளைக்கிறதா என்றும் ஒரு முறை உரக்கப் படித்துப் பார்ப்பது நல்லது. இதில் சிக்கியவர்கள் உண்டு, உதாரணங்களை இங்கே எழுத முடியாது.

பெயரைப் புதுமையாக ஒடித்து, புள்ளிக்குப் பின்னால் வருவதையும் சேர்த்துப் படிக்கிற மாதிரி வைப்பது இன்னொரு ஆசை. del.icio.us என்று ஒரு தளம் இருந்தது, ஒரு காலத்தில் மிகப் பிரபலம். புள்ளி எங்கே வரும் என்று யாருக்கும் நினைவில் நிற்கவில்லை, கடைசியில் 2008-ல் delicious.com என்று மாறிக்கொண்டார்கள். ஓவர்ஸ்டாக் என்ற அமெரிக்க இணையக் கடை 2011-ல் o.co என்று பெயரைச் சுருக்கிக்கொண்டது. இதைவிடச் சின்னதாக ஒரு முகவரி இருக்க முடியுமா? ஆனால் ஜனங்கள் பழக்கத்தில் o.com என்று அடித்தார்கள், நிறுவனம் பழைய பெயருக்கே திரும்பியது. நீளம் குறைவு என்பதற்காக மட்டும் ஒரு முகவரி சுலபமாகிவிடாது என்று இதிலிருந்து தெரிகிறது.

ஆகவே .com கிடைத்தால் அதையே வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். காது கேட்காவிட்டாலும் கை தானாக .com அடிக்கிறது. அது கிடைக்கவில்லை, இந்திய வாசகர்கள்தான் அதிகம் என்றால் .in, இலங்கை என்றால் .lk, இரண்டும் அந்தந்த நாட்டில் கண்ணுக்குப் பழகியவை. ஆனால் அதே பெயரில் .com-ஐ யார் வைத்திருக்கிறார்கள் என்று திறந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். காலியாகக் கிடந்தால் பரவாயில்லை. உங்களைப் போலவே தோட்டம் பற்றி எழுதுகிறவராகவோ, வீட்டில் எல்லோர் முன்னாலும் திறக்க முடியாத தளமாகவோ இருந்தால் பெயரையே மாற்றுங்கள், உங்கள் வாசகர்களில் ஒரு பகுதி அங்கே போய்க்கொண்டுதான் இருப்பார்கள். .co வேண்டவே வேண்டாம், m விட்டுப்போன .com என்றே எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். .blog, .xyz போன்றவை சில சமயம் மலிவாகக் கிடைக்கின்றன, ஆனால் போனில் சொன்னால் 'அதுக்கப்புறம் டாட் காமா?' என்று கேட்பார்கள்.

காசு செலவழிக்காமல் கூகுளின் பிளாகரில் தொடங்குகிறவர்களுக்கு manvalam.blogspot.com மாதிரி ஒரு முகவரி இலவசமாகக் கிடைக்கும். தொடங்க அது போதும், எழுத்துக்கூட்டல் பற்றி மேலே சொன்னது அத்தனையும் அதற்கும் பொருந்தும். ஒன்று மட்டும்: பழைய தமிழ் வலைப்பூக்களின் இணைப்புகள் பல இடங்களில் blogspot.in என்று பதிந்து கிடக்கின்றன, ஏனென்றால் ஒரு காலத்தில் இந்தியாவிலிருந்து திறந்தால் கூகுளே அப்படித் திருப்பிவிட்டது. அந்த blogspot.in 2020-ல் கூகுளின் கையைவிட்டுப் போய்விட்டது, அப்படிக் குறித்து வைத்த இணைப்புகள் செத்துப்போயின. அதனால் யாருக்குக் கொடுத்தாலும் .com என்று முடிகிற வடிவத்தையே கொடுங்கள்.

'இவ்வளவு ஏன், தமிழிலேயே டொமைன் வாங்கலாமே' என்ற கேள்வி நியாயமானது. வாங்கலாம். தமிழ் எழுத்தில் பெயரும், பின்னால் .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்ற முடிவுகளும் உண்மையிலேயே இருக்கின்றன. எழுத்துக்கூட்டல் தொல்லை ஒரேயடியாகத் தீர்ந்துவிடும். ஆனால் இணையத்தின் அடியில் இருக்கும் முகவரி அமைப்பு இன்னும் ஆங்கில எழுத்தில்தான் ஓடுகிறது, அதனால் தமிழ்ப் பெயர் xn-- என்று தொடங்கும் ஒரு குறியீடாக மாற்றப்படுகிறது. .இந்தியா என்பதன் உள்வடிவம் இது:

```
xn--xkc2dl3a5ee0h
```

பிரவுசர் பெரும்பாலும் இதை மறைத்துத் தமிழிலேயே காட்டும். ஆனால் சில இடங்களில் நகலெடுத்து ஒட்டினால் இந்தக் குறியீடு வெளியே வரும், பார்ப்பவர் வைரஸ் இணைப்பு என்று நினைத்து அழித்துவிடுவார். தமிழ் கீபோர்டு நிறுவாத போன்களும் நிறைய. என் கருத்தில் அதை இரண்டாவது வாசலாக வைத்துக்கொள்ளலாம், முதல் வாசலாக இப்போதைக்கு வேண்டாம்.

இதே தொல்லை ஒவ்வொரு பதிவின் முகவரியிலும் வரும். தலைப்பைத் தமிழில் எழுதினால் சில மென்பொருள்கள் முகவரியையும் தமிழிலேயே அமைக்கின்றன. அதை நகலெடுத்து ஒட்டும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் %E0%AE%A4 என்பது போல 9 எழுத்தாக விரியலாம். 'தமிழ்' என்ற ஒரு சொல்லே 45 எழுத்து ஆகிவிடும். பதிவு வெளியிடுமுன் அந்தப் பகுதியை manvalam.com/uram என்று சின்னதாகக் கையால் மாற்றிவிடுங்கள். சாய்கோட்டுக்குப் பின்னால் வருவதில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பல தளங்களில் உண்டு என்பதால் எல்லாவற்றையும் சின்ன எழுத்திலேயே வையுங்கள்.

பெயர் இரண்டு மூன்றாகச் சுருங்கியபின் ஒரு சோதனை. ஏழெட்டுப் பேருக்குப் போன் செய்யுங்கள். குறுஞ்செய்தியில் அனுப்பக் கூடாது, எழுத்தெழுத்தாகச் சொல்லவும் கூடாது. பெயரை ஒரு முறை சொல்லிவிட்டு, 'இதை இங்கிலீஷ்ல அடிச்சு வாட்ஸ்அப்ல அனுப்புங்க' என்று மட்டும் கேளுங்கள். அம்மா வயதில் ஒருவர், கல்லூரியில் படிக்கிற ஒருவர், வெளிநாட்டில் வளர்ந்த ஒருவர், முடிந்தால் இலங்கைத் தமிழர் ஒருவர், இப்படிக் கலந்து இருக்கட்டும். வருகிற எழுத்துக்கூட்டல்களை அப்படியே குறித்து வையுங்கள், யாரையும் திருத்த வேண்டாம். எல்லோரும் ஒரே மாதிரி அனுப்பினால் வாங்கிவிடலாம். இரண்டு வடிவம் வந்தால், அதிகம் பேர் அனுப்பியதை முதன்மையாக வைத்துக்கொள்ளுங்கள், அது உங்களுக்குப் பிடித்த வடிவமாக இல்லாவிட்டாலும். மூன்று நான்கு வந்தால் அந்தப் பெயரை விட்டுவிடுங்கள். இரண்டு நாள் கழித்து அதே ஆட்களிடம் 'அன்னைக்கு ஒரு பேர் சொன்னேனே, என்ன அது?' என்று கேட்டால் நினைவில் நிற்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

வாங்கும்போது இரண்டாவது வடிவத்தையும், நம் உதாரணத்தில் mannvalam.com-ஐயும், சேர்த்து வாங்கி முதலாவதுக்குத் திருப்பிவிடலாம். டொமைன் விற்கும் தளங்களில் 'ஃபார்வர்டிங்' என்ற பெயரில் இந்த வசதி இருக்கும், நிரந்தரத் திருப்பம் என்பதற்கு 301 என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். இரண்டுக்கு மேல் வாங்குவது வீண், ஒவ்வொன்றுக்கும் வருடாவருடம் பணம் கட்ட வேண்டும். முதல் வருட விலை மலிவாகவும் அடுத்த வருடப் புதுப்பிப்பு பல மடங்காகவும் இருப்பது வழக்கம் என்பதால் புதுப்பிக்கும் விலையைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

தளம் நடக்கத் தொடங்கியபின் கூகுளின் சர்ச் கன்சோலை இணைத்துவிட்டு, என்ன சொற்களைத் தேடி மக்கள் வருகிறார்கள் என்ற பட்டியலை அவ்வப்போது பாருங்கள். உங்கள் பெயரின் தப்பான வடிவங்கள் அதில் இருந்தால் கண்ணில் படும். அதில் ஒன்று திரும்பத் திரும்ப வந்தால், அதைத் தளத்தின் அறிமுகப் பக்கத்தில் 'manavalam என்று தேடி வந்தவர்களுக்கும் இதுதான் மண்வளம்' என்று ஒரு வரியில் எழுதிவைத்தால் போதும், கூகுள் இரண்டையும் சேர்த்துப் பார்க்க அது உதவலாம்.